நான்கு வாரம் விவரமாக, மீதி மூட்டையாக: பழைய கடைக் கட்டடத்தைப் பழுதுபார்த்த கணக்கு

நமது ஊரில் மகாத்மா காந்தி சாலைக்கும் பாரதி வீதிக்கும் சுற்றுவட்டத்தில் கடை வைத்திருக்கும் வணிகர்களில் பாதிப் பேர் பழைய கட்டடத்தில்தான் இருக்கிறோம். உத்தரமும் சுண்ணாம்புத் தளமும் போட்ட கட்டடங்கள். இவற்றைப் பழுதுபார்க்க இறங்கியவர்களுக்குத் தெரியும். பூச்சை உரிக்கும் வரை உள்ளே என்ன இருக்கிறது என்று மேஸ்திரிக்கும் தெரியாது, இஞ்சினீயருக்கும் தெரியாது. ஆனால் வேலையைத் தொடங்கும் முன்பே எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று நாம் கேட்கிறோம். அவர்களும் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பமாகிறது.

இப்படி முன்னால் நான்கு வாரம் மட்டும் தெளிவாகத் தெரிகிற வேலைக்கென்றே ஒரு திட்டமிடும் முறை உண்டு. 'ரோலிங் வேவ் பிளானிங்' என்பார்கள். நாம் அலைத் திட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். அமெரிக்காவிலுள்ள திட்ட மேலாண்மைக் கழகத்தின் கையேட்டில் இதற்கு இடமுண்டு. கிட்டத்தில் இருக்கும் வேலையை விவரமாகத் திட்டமிடுவது, தூரத்தில் இருப்பதை மொத்த மூட்டையாக வைத்திருப்பது, நாள் நகர நகர அடுத்த மூட்டையைப் பிரித்து விவரம் எழுதுவது, இவ்வளவுதான் முறை. 2024இல் எங்கள் பருப்புக் கடையின் கட்டடத்தை இந்த முறையில் பழுதுபார்த்தோம். அதில் சரியாக நடந்ததையும் தவறிப்போனதையும் இங்கே எழுதுகிறோம்.

முதலில், முன்பு பட்ட பாடு. 2016இல் எங்களுடைய ஒரு கிடங்கை மொத்த ஒப்பந்தத்தில் விட்டோம். 20 வாரத்துக்கும் நாள் வாரியாக அழகான அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினோம். ஐந்தாவது வாரம் ஒரு சுவரின் அடியில் தோண்டியபோது கடைக்கால் உளுத்துக் கிடந்தது. அன்றே அட்டவணை பொய்யாகிவிட்டது. ஆனால் அதை யாரும் திருத்தவில்லை. ஒப்பந்தக்காரர் கூடுதல் பணம் கேட்டார், நாங்கள் ஒப்பந்தத்தைக் காட்டினோம். வாக்குவாதத்தில் இரண்டு மாதம் போயிற்று. கூரை மூடுவதற்குள் ஐப்பசி மழை வந்துவிட்டது. தீபாவளி வியாபாரமும் போயிற்று. பிறகு யோசித்துப் பார்த்ததில், கடைக்கால் உளுத்திருந்தது ஒப்பந்தக்காரர் குற்றமில்லை. தெரியாத வேலைக்குத் தெரிந்த மாதிரி தேதி எழுதியதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

அதற்காகப் பழுதுபார்க்காமல் தள்ளிப்போடவும் முடியாது. கடற்கரைச் சாலையிலிருந்த மேரி கட்டடத்தை நாமெல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள். 1870களின் தொடக்கத்தில் எழும்பிய அந்த நகரமன்றம், 2014 நவம்பர் 29ஆம் தேதி மழையில் இடிந்து விழுந்தது. பழைய வடிவிலேயே திரும்பக் கட்டி 2021 பிப்ரவரியில்தான் திறந்தார்கள். அரசாங்கக் கட்டடத்துக்கே அந்தக் கதி என்றால், தலைக்குமேல் சுண்ணாம்புத் தளமும் கீழே மூட்டை தூக்கும் ஆட்களும் உள்ள நம் கடைகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி எங்கள் கட்டடம். 15 அடி அகலம், 66 அடி நீளம். முதற்கட்டு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று மூன்று கட்டு. ஒவ்வொன்றும் 22 அடி. கட்டுக்கு மூன்று தேக்கு உத்தரம். உத்தரத்தின் மேல் குறுக்குச் சட்டங்கள், அதன் மேல் சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்பில் செங்குத்தாக நிறுத்தி அடுக்கிய தளம், அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டிய கலவை, எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு. இப்படிப்பட்ட கூரையில் உத்தரத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் முனைதான் ஈரம் குடித்துக் கரையான் பிடிக்கும். அந்த முனை கண்ணுக்குத் தெரியாது.

முதல் வேலையாக நாங்கள் இரண்டு முடிவுகளை எழுதி வைத்தோம். ஒன்று, நகரக் கூடாத தேதி. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31. சரக்கு அக்டோபர் முதல் வாரத்திலிருந்தே இறங்கும். ஆகவே செப்டம்பர் 29ஆம் தேதிக்குள் கூரை மூடியிருக்க வேண்டும். இரண்டு, கையில் உள்ள பணம் 26 லட்சம். அதற்குமேல் கடன் வாங்குவதில்லை. தேதியும் நகராது, பணமும் நகராது என்றால் மூன்றாவதாக உள்ளது நகர வேண்டும். அதுதான் வேலையின் அளவு. எதை விடலாம் என்பதைத் தொடக்கத்திலேயே வரிசைப்படுத்தினோம்: முதலில் புதுத் தரை, அடுத்து அலமாரிகள், அடுத்து வெளிச்சுவர்ப் பூச்சு. கூரையும் சுவரின் பலமும் எக்காரணம் கொண்டும் விடக் கூடாதவை. இந்த வரிசையை நெருக்கடி வந்தபின் பேசினால் வீட்டில் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள்.

பிறகு வேலையை ஆறு மூட்டைகளாகக் கட்டினோம். மூன்று கட்டுகளின் கூரை மூன்று மூட்டை, சுவரும் பூச்சும் ஒன்று, தரை ஒன்று, மின்சாரம், ஷட்டர், அலமாரி சேர்ந்து ஒன்று. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரே தொகை எழுதாமல், குறைந்தது இவ்வளவு, மிஞ்சினால் இவ்வளவு என்று இரண்டு தொகை எழுதினோம். மூன்றாம் கட்டுக் கூரைக்கு 3 லட்சம் முதல் 9 லட்சம் வரை; இரண்டாம் கட்டுக்கு 2 முதல் 8 வரை. இப்படி எல்லாவற்றையும் கூட்டினால் குறைந்தது 16 லட்சம், மிஞ்சினால் 37 லட்சம்.

இதைப் பார்த்துவிட்டு எங்கள் மகன், "என்னப்பா இது, கணக்கா ஜோசியமா? 16க்கும் 37க்கும் நடுவில் ஒரு கடையே வாங்கலாமே" என்றான். அவன் கேட்டது நியாயம். ஆனால் அந்த 21 லட்ச வித்தியாசம்தான் உண்மையில் அன்று நமக்குத் தெரியாததின் அளவு. அதை மறைத்து 25 லட்சம் என்று ஒரே எண்ணை எழுதியிருந்தால், தெரியாதது குறைந்திருக்காது. கண்ணில் படாமல் போயிருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே முதல் அலையின் வேலை கட்டுவது அல்ல, திறந்து பார்ப்பது. மார்ச் 4ஆம் தேதி தொடங்கி நான்கு வாரம். இந்த நான்கு வாரத்துக்கு மட்டும் நாள் வாரியாக, ஆள் வாரியாக எழுதினோம். மூன்றாம் கட்டுச் சரக்கை வாடகைக் கிடங்குக்கு மாற்றுவது. உத்தரம் சுவரில் நுழையும் இடங்களில் ஓரடிக்குப் பூச்சை உரித்து முனையைத் திருப்புளியால் குத்திப் பார்ப்பது. நான்கு இடத்தில் சுவரடியில் குழி தோண்டிக் கடைக்காலைப் பார்ப்பது. மொட்டைமாடியில் தட்டோடு வெடித்த இடங்களைக் குறிப்பது. நல்ல மரத்தில் திருப்புளி கால் அங்குலம்கூட இறங்காது. உளுத்த மரத்தில் கைப்பிடி வரை போகும். கட்டையால் தட்டினாலும் வித்தியாசம் தெரியும், உளுத்த முனை டொக்கென்று சத்தம் கொடுக்கும். இதற்கெல்லாம் ஆன செலவு 40 ஆயிரம். இதை 26 லட்சத்தில் சேர்க்காமல் தனியே ஒதுக்கியிருந்தோம்.

மார்ச் 31 ஞாயிற்றுக்கிழமை கணக்கைத் திருத்தினோம். மூன்றாம் கட்டில் இரண்டு உத்தரங்களின் மேற்கு முனை போய்விட்டது. ஆகவே அந்தக் கூரையை இறக்கித்தான் ஆக வேண்டும்: ஆறரை முதல் ஏழரை லட்சம். இரண்டாம் கட்டில் மூன்று உத்தரமும் கெட்டி: தட்டோடு மாற்றினால் போதும், 2 முதல் 3 லட்சம். முதற்கட்டில் பொய்க்கூரை இருந்ததாலும் வியாபாரம் நடந்ததாலும் பார்க்க முடியவில்லை. அதன் தொகையை மாற்றாமலே விட்டோம். மொத்தம் இப்போது பத்தொன்பதரை முதல் முப்பதரை லட்சம். வித்தியாசம் 21லிருந்து 11ஆகக் குறைந்துவிட்டது. இந்த முறையில் வேலை சரியாகப் போகிறதா என்பதற்கு இதுவே அடையாளம். ஒவ்வொரு திருத்தத்திலும் கீழ்த்தொகைக்கும் மேல்தொகைக்கும் உள்ள இடைவெளி குறுகி வர வேண்டும். இரண்டு திருத்தம் கடந்தும் குறுகவில்லை என்றால், வேலை நடக்கிறது, ஆனால் தெரியாதது தெரியாமலே இருக்கிறது என்று பொருள். அப்போது கட்டுவதை நிறுத்திவிட்டுத் திறந்து பார்க்கும் வேலையை முன்னால் கொண்டுவர வேண்டும்.

திருத்தத்தை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஞாயிறு காலை வைத்துக்கொண்டோம். முடிந்த இரண்டு வாரத்தைக் கழித்து, அடுத்த இரண்டு வாரத்தை விவரமாகச் சேர்ப்போம். எப்போதும் கையில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு விவரம் இருக்கும். அதற்கப்பால் எட்டு வாரத்துக்கு வேலைகளின் பெயரும் வரிசையும் மட்டும். அதற்கும் அப்பால் மூட்டை. உட்காருபவர்கள் நால்வர்: நாங்கள் அப்பா மகன் இருவர், மேஸ்திரி, தச்சர். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனதில்லை. தமிழ்ப் புத்தாண்டன்று வந்த திருத்தத்தைக்கூட மறுநாள் மாலை வைத்தோமே தவிர விடவில்லை. ஒரு திருத்தத்தை விட்டுவிட்டால் விவரம் தீர்ந்துபோய், மேஸ்திரி அன்றன்றைக்குத் தோன்றியதைச் செய்வார். அதற்குப் பெயர் அலைத் திட்டம் இல்லை, திட்டமே இல்லாமை.

ஒப்பந்தமும் இதற்கு ஏற்றபடி இருக்க வேண்டும். மொத்தத் தொகை ஒப்பந்தம் இந்த முறைக்கு ஒத்து வராது. நாங்கள் அயிட்டம் ரேட்டில் பேசினோம். தளம் சதுர அடிக்கு இவ்வளவு, பூச்சு சதுர அடிக்கு இவ்வளவு, செங்கல் கட்டு கன அடிக்கு இவ்வளவு என்று விலை மட்டும் நிலை. அளவு எவ்வளவு என்பதைச் செய்தபின் இருவரும் சேர்ந்து டேப் பிடித்து நோட்டில் எழுதிக் கையெழுத்திடுவோம். இதனால் வேலை கூடியபோதும் குறைந்தபோதும் வாக்குவாதம் வரவில்லை. ஆனால் அளவெடுக்கும்போது நம் ஆள் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். அதற்கு நேரமில்லாதவர்கள் இந்த ஒப்பந்தத்தில் இறங்கினால் நஷ்டம்தான்.

இந்த முறையில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நான்கு வாரத்துக்கு மட்டும் விவரம் என்பதால், நான்கு வாரத்துக்கு மட்டும் பார்த்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். சில சாமான்கள் வந்து சேர ஐந்து, ஆறு வாரம் ஆகும். அவை விவர எல்லைக்குள் வரும்போது ஆர்டர் கொடுத்தால் காலம் கடந்துவிடும். ஆகவே தூரத்து மூட்டைகளிலும் ஒரு விஷயத்தை மட்டும் விவரமாக எழுத வேண்டும்: எந்தச் சாமானுக்குக் கடைசியாக எந்தத் தேதியில் சொல்ல வேண்டும் என்பது. எங்களுக்கு மே முதல் வாரம் 17 அடித் தேக்கு உத்தரம் வேண்டியிருந்தது. இடித்த வீடுகளின் பழைய மரம் விற்கும் கடையில் தேடி, அறுத்து, இழைத்துத் தர நான்கு வாரம் கேட்டார்கள். ஏப்ரல் 7க்குள் சொல்ல வேண்டும். மூன்றாம் கட்டுக்கு இரண்டு என்பது உறுதி. முதற்கட்டுக்கு எத்தனை என்று தெரியாது. மூன்றையும் வாங்கிப் போடுவதா, காத்திருப்பதா?

மரக்கடைக்காரரிடம், "ஐயா, இன்னும் மூன்று உத்தரத்தை மே கடைசி வரை யாருக்கும் கொடுக்காமல் எங்களுக்காக வையுங்கள்" என்று 10 ஆயிரம் முன்பணம் கொடுத்தோம். மே 26 ஞாயிறு பொய்க்கூரையைப் பிரித்துப் பார்த்ததில் ஒரே ஓர் உத்தரம்தான் கெட்டிருந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டை விட்டுக்கொடுத்தோம். முன்பணத்தில் ஒரு பகுதியை அவர் பிடித்துக்கொண்டார். தெரியாத காலத்துக்கு நாம் கொடுத்த வாடகை என்று அதைக் கணக்கில் எழுதினோம். மூன்றையும் வாங்கியிருந்தால் பெருந்தொகை முடங்கியிருக்கும். வாங்காமல் இருந்திருந்தால் ஜூனில் மரம் தேடி அலைந்திருப்போம்.

ஜூனில்தான் பெரிய சோதனை. இரண்டாம் கட்டு வடக்குச் சுவரின் பூச்சை உரித்ததும், சுவர் நடுவில் இரண்டு அங்குலம் உள்பக்கம் பிதுங்கியிருப்பது தூக்குக்குண்டு விட்டதில் தெரிந்தது. அது பக்கத்து வீட்டுக்கும் பொதுவான சுவர். மேஸ்திரி, "முதலாளி, இதை விட்டுவிட்டு மேலே தட்டோடு போட்டால் அடுத்த மழையிலே என்னைத் தேடுவீங்க" என்றார். முட்டுக் கொடுத்து, பக்கத்து வீட்டாரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, மூன்றடி மூன்றடியாகப் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். இரண்டரை முதல் மூன்றரை லட்சம், மூன்று வாரம். எந்த மூட்டையிலும் இல்லாத புது மூட்டை.

ஜூன் 9ஆம் தேதி திருத்தத்தில் மூன்றாம் கட்டு 7.2 லட்சத்தில் முடிந்திருந்தது. புது மூட்டையையும் சேர்த்தால் மொத்தம் 23.2 முதல் 30.2 லட்சம். கையில் உள்ள 26 தாங்காமல் போகலாம், தேதியும் தாங்காது. இப்போது முதலில் எழுதி வைத்த வரிசையை எடுத்தோம். தரையை மூன்றாம் கட்டுக்கு மட்டும் நிறுத்தினோம். அலமாரிகளைப் பொங்கலுக்குப் பின் தள்ளினோம். வெளிச்சுவர்ப் பூச்சையும் தள்ளினோம். திரும்பக் கூட்டினால் 21 முதல் 25.7 லட்சம். தரைக்கும் பூச்சுக்கும் வைத்திருந்த ஆட்களைச் சுவருக்குத் திருப்பினோம். யாருக்கும் மனக்கசப்பு இல்லை, ஏனென்றால் எதை விடுவது என்பது மார்ச்சிலேயே முடிவான விஷயம். மொத்த அட்டவணை போட்டிருந்தால் அன்று 16 வாரத்து எழுத்தைக் கிழித்துப் போட்டிருப்போம். இப்போது கிழித்தது இரண்டு வாரத்து எழுத்துதான்.

கடைசித் தட்டோடு செப்டம்பர் 24ஆம் தேதி பதித்தார்கள். ஐந்து நாள் மிச்சம். மொத்தச் செலவு 24.6 லட்சம். தீபாவளிச் சரக்கு நல்ல கூரைக்கு அடியில் இறங்கியது.

இதோடு முடித்தால் முழுக் கணக்கு ஆகாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்கருகே கரை கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியதை நாம் யாரும் மறக்கவில்லை. எங்கள் மூன்று கூரைகளிலும் ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆனால் முதற்கட்டும் இரண்டாம் கட்டும் சேரும் இடத்தில் தண்ணீர் இறங்கி, அடியில் அடுக்கியிருந்த 11 மூட்டை உளுந்து நனைந்துவிட்டது.

காரணத்தைத் தேடியபோது எங்கள் திட்ட நோட்டிலேயே கிடைத்தது. முதற்கட்டுக் கூரை ஒரு மூட்டை. இரண்டாம் கட்டுக் கூரை ஒரு மூட்டை. இரண்டுக்கும் நடுவிலுள்ள ஓரடி மடிப்பு எந்த மூட்டையிலும் இல்லை. ஜூலையில் ஒன்றைப் பிரித்து விவரம் எழுதினோம், ஆகஸ்டில் மற்றொன்றை. மடிப்பை அவர் செய்வார் என்று இவரும், இவர் செய்திருப்பார் என்று அவரும் விட்டுவிட்டார்கள். எல்லாவற்றையும் ஒரே தாளில் முழுதாக எழுதும் திட்டத்தில் இப்படிப்பட்ட இடம் கண்ணில் பட வாய்ப்பு உண்டு. துண்டு துண்டாகப் பிரித்து எழுதும் இந்த முறையில் தவறிப்போவது பெரும்பாலும் மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவில்தான்.

டிசம்பரில் அந்த மடிப்பைச் சரிசெய்தோம். தள்ளிவைத்த தரையையும் அலமாரியையும் 2025 பொங்கலுக்குப் பின் இதே முறையில் முடித்தோம். இப்போது எங்கள் நோட்டில் ஒவ்வொரு மூட்டையின் பெயருக்கு அடியிலும் ஒரு வரி கூடுதலாக எழுதுகிறோம்: இந்த மூட்டை அடுத்ததோடு சேரும் இடம் எது, அது யார் பொறுப்பு. பழைய கட்டடத்தில் கை வைக்கப்போகும் வணிக அன்பர்கள் முதல் நாளே அந்த வரியையும் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். எங்களுக்கு அதைக் கற்றுக்கொள்ள 11 மூட்டை உளுந்து ஆயிற்று.